25 வருஷக் கல்யாணம், 118 மாசக் குடித்தனம்

கணவருக்கு அறுபது வயது நிறைந்தால் மணிவிழா உண்டு, எண்பதுக்கு சதாபிஷேகம் உண்டு. கல்யாணமாகி 25 வருடம் ஆனதற்கென்று நம் பழைய வழக்கத்தில் தனியாக ஒரு சடங்கு கிடையாது. வெள்ளி விழா என்பது பிற்பாடு வந்து சேர்ந்தது. மாதா கோயில் இருக்கிற ஊர்களில் அதற்கு நன்றித் திருப்பலி வைப்பார்கள். மற்ற வீடுகளில் ஒரு கேக், இரண்டு ரோஜா மாலை, பிள்ளைகள் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், அதோடு சரி. சடங்கு இல்லாததில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அன்றைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடவில்லை.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், கொள்ளிடம் பாலம் ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர் திருமானூர். அங்கே ஒரு கொத்தனார் வீட்டில் போன வருடம், அதாவது 2025 செப்டம்பர் 7-ம் தேதி, 25-வது கல்யாண நாள் வந்தது. அந்த வீட்டு அம்மா கணவருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எழுதினார். இரண்டு வரி என்று ஆரம்பித்தது, எழுதி முடிக்க நான்கு ராத்திரி பிடித்தது.

ஆரம்பித்து வைத்தது மகள்தான். தஞ்சாவூரில் வேலை பார்க்கிற பெண். வருடத்துக்கு ஒரு படம் வீதம், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கிற 25 படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி ஸ்டேட்டஸ் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "படம் நான் பாத்துக்கறேன். கீழ போடுறதுக்கு நீ மட்டும் அப்பாவுக்கு ரெண்டு வரி எழுதிக் குடும்மா" என்றாள். முதல் கட்டத்தில் கல்யாணப் படம், கூடவே பத்திரிகையின் படமும். பத்திரிகையில் 'பெரம்பலூர் மாவட்டம், திருமானூர்' என்று அச்சாகியிருந்தது. 2000-ல் அரியலூர் மாவட்டம் கிடையாது. 2001 ஜனவரியில் பிரித்தார்கள், 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் திரும்பவும் பிரித்தார்கள்.

படங்களை அடுக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. 2001 முதல் 2004 வரை படம் இருந்தது. 2005-க்கு இல்லை. 2006-க்கு உண்டு, 2007-க்கு இல்லை. இப்படியே ஒன்று விட்டு ஒன்றாக 2019 வரைக்கும் காலிக் கட்டம். எண்ணிப் பார்த்தால் எட்டு. "ஏம்மா, எட்டு வருஷம் நீங்க ரெண்டு பேரும் ஒரு போட்டோகூட எடுத்துக்கலையா?" என்று மகள் கேட்டுவிட்டு, கேட்ட வேகத்திலேயே காரணம் புரிந்து சும்மா இருந்துவிட்டாள். அந்த வருடங்களில் அப்பா சவூதியில் இருந்தார்.

காலிக் கட்டங்களில் பூ படம் போட்டு நிரப்பிவிடலாம் என்றாள் மகள். அம்மாவுக்கு மனசு வரவில்லை. அன்று ராத்திரி, பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு கணக்குப் போட்டார்.

கல்யாணத்திலிருந்து அவர் விமானம் ஏறிய 2004 மார்ச் வரை 42 மாதம். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த 2020 ஜூலையிலிருந்து இந்த செப்டம்பர் வரை 62 மாதம். நடுவில் 196 மாதம். அதற்குள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு, மொத்தம் ஏழு லீவு, லீவுக்கு இரண்டு மாதம் என்று 14 மாதம். ஆக ஒரே கூரைக்குக் கீழே இருந்தது 42-ம் 62-ம் 14-ம் சேர்த்து 118 மாதம். பத்து வருடத்துக்கு இரண்டு மாதம் குறைச்சல்.

வளைகுடா நாட்டுக்கு ஆள் போன வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அனுப்பிய பணத்துக்குக் கணக்கு இருக்கும், ஏஜென்டுக்குக் கொடுத்ததற்கு இருக்கும், நகை வைத்த ரசீது இருக்கும். இதற்கு மட்டும் இருக்காது. போட்டுப் பார்த்தவருக்கு அதற்கப்புறம் இரண்டு வரி எழுத முடியவில்லை.

ஆயத்தமாகக் கிடைக்கிற வாழ்த்துகளைத்தான் முதலில் பார்த்தார். போனில் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்தன. 'என் வாழ்வின் ஒளி விளக்கே' என்று ஒன்று. கொத்தனார் சாந்துச் சட்டியோடு வாசலில் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது. எந்த வீட்டுக்காரருக்கும் பொருந்துகிற வரியில் நம் வீட்டுக்காரர் இருக்க மாட்டார்.

அடுத்தது, எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது. நேரில் 'என்னங்க'தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, போனில்கூட அவர் நம்பரை 'பாப்பா அப்பா' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறார். ஆனால் எழுத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. 2004-ல் போன புதிதில் பேசுவதற்கு மளிகைக் கடை போன்தான். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் கூப்பிடுவார். கடையில் நாலு பேர் நிற்க, மூன்று நிமிடத்தில் என்ன பேச முடியும்? அதனால் கடிதம். ஒவ்வொரு கடிதமும் 'நலம், நலமறிய ஆவல். இங்கு அனைவரும் நலம்' என்றுதான் தொடங்கும். அவர் எழுதியதும் அப்படியே. 2006 லீவில் ஒரு நோக்கியா போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கடிதம் நின்றது. பேச்சில் அந்த வரி மட்டும் தங்கிவிட்டது. "எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க?" "நல்லா இருக்கேன்."

பழைய கடிதங்களைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு படித்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. அந்த வரி பாதி நேரம் பொய்.

2005 மழையில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, நாலு வயதுப் பெண்ணையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் உறவுக்காரர் வீட்டில் மூன்று ராத்திரி இருந்தார். அந்த வெள்ளிக்கிழமையும் 'அனைவரும் நலம்'தான். 2007 ஜனவரியில் மகன் பிறந்தான். அப்பா அவனை முதன்முதலில் தூக்க வந்தது 2008 லீவில். புது ஆளைப் பார்த்து வீரிட்டு அழுத பையன் இருபது நாள் அவரிடம் போகவில்லை. பழகி, தோளில் ஏறி உட்கார ஆரம்பித்த சமயத்தில் லீவு முடிந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் அவன் அப்பா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுவான்.

2013-ல் மாமியார் இறந்தபோது அவரால் வர முடியவில்லை. அங்கே அப்போது முதலாளி ஒப்புதல் கொடுத்து, வெளியே போய்த் திரும்புகிற விசா எடுத்துக் கொடுத்தால்தான் நாட்டை விட்டுக் கிளம்ப முடியும். அந்த முறை 2021 மார்ச்சில்தான் தளர்ந்தது. கம்பெனியில் நான்கு நாள் இழுத்தார்கள். பிணத்தை நான்கு நாள் வைத்திருக்க முடியுமா? பங்காளி ஒருவர் கொள்ளி போட்டார். இவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். அந்தப் பக்கம் பறை சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

இவை எல்லாம் அவருக்குத் தெரிந்தவை, அல்லது பிற்பாடு தெரிந்துகொண்டவை. தெரியாதது ஒன்று இருந்தது. செய்தியில் அதை எழுதலாமா, வேண்டாமா என்பதில்தான் மூன்று ராத்திரி போனது. எழுதுவார், அழிப்பார். வெள்ளி விழா அன்று எதற்கு என்று தோன்றும். மறுபடி, 118 மாதம்தானே, இதில் மறைத்து வைக்க என்ன இருக்கிறது என்றும் தோன்றும்.

தட்டச்சு செய்வதும் லேசாக இல்லை. பேசினால் தானாக எழுதிக்கொள்ளும் வசதியை மகள் காட்டிக் கொடுத்திருந்தாள். 'வளையல்' என்று சொன்னால் போன் வேறெதையோ எழுதியது. கடைசியில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஏழாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு, கணவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது அனுப்பினார். மகளுக்கு அனுப்பவில்லை, ஸ்டேட்டஸுக்கும் கொடுக்கவில்லை. 'பாப்பா அப்பா'வுக்கு மட்டும்.

செய்தி இதுதான்.

"என்னங்க, நலம், நலமறிய ஆவல். ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன். இன்னியோட நமக்குக் கல்யாணமாகி 25 வருஷம். நாம சேந்து இருந்தது 118 மாசம். நோட்டுல கணக்குப் போட்டு வச்சிருக்கேன், பாத்துக்குங்க. அதனால வெள்ளி விழான்னு சொல்ல வாய் வரல. இன்னும் ரெண்டு மாசம் போனா பத்து வருஷம் முடியும். அதுக்கு வாழ்த்து சொல்லிக்கறேன்.

"நீங்க போனப்ப இது பெரம்பலூர் மாவட்டம். ரெண்டாவது லீவுல வந்தப்ப அரியலூர் மாவட்டம். ஊரு மாறாம மாவட்டம் மாறுன மாதிரிதான் நானும். நீங்க விட்டுட்டுப் போன பொண்ணு வேற. பேங்க்குக்குப் போகத் தெரியாது, கரண்ட் பில் கட்டத் தெரியாது. திரும்பி வந்து பாத்தவ எல்லாத்தையும் தானே முடிவு பண்றவ. அதான் 2020-ல வந்ததும் முத வருஷம் பூரா சண்டை. நீங்க அடுப்படி டப்பாவை எல்லாம் மாத்தி அடுக்கினீங்க, நான் உங்ககிட்ட கேக்காம வைக்கோல் வாங்கினேன். அப்ப கோவமா இருந்திச்சு. இப்ப யோசிச்சா, கல்யாணமான முத வருஷம் எல்லா வீட்லயும் வர்ற சண்டைதான். நமக்கு இருபது வருஷம் கழிச்சு வந்துச்சு.

"ஒண்ணு உங்ககிட்ட சொல்லல. 2011 ஆடி மாசம் எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு. கர்ப்பப்பையில கட்டி. தஞ்சாவூர்ல பதினோரு நாள் இருந்தேன். தங்கச்சி கூட இருந்தா. நடுவுல ரெண்டு வெள்ளிக்கிழமை வந்துச்சு. குரல் ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டீங்க. சளின்னு சொன்னேன். செலவுக்கு வளையல் நாலையும் வச்சேன். பாப்பா ஸ்கூல் பீஸுக்குப் பணம் பத்தலைன்னு நீங்க அனுப்புனது வட்டிக்குத்தான் போச்சு. மூட்ட முடியல, ஏலத்துல போயிடுச்சு. அடுத்த லீவுல வளையல் எங்கன்னு கேட்டீங்க. தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போயிருக்கான்னு சொன்னேன். அப்புறம் நீங்க கேக்கவே இல்ல. தெரிஞ்சு கேக்கலையா, மறந்துட்டீங்களான்னு பதிமூணு வருஷமா எனக்குத் தெரியல.

"சொன்னா நீங்க அங்க தூங்க மாட்டீங்க, சாரத்துல நிக்கிற ஆளு. அதான் சொல்லல. குத்தம்னா குத்தம்தான்.

"விடிகாலை மூணரைக்கு எந்திரிக்கிற பழக்கத்த மட்டும் விடுங்க. இங்க பஸ் வந்து ஆள் ஏத்திக்கிட்டுப் போகாது. தட்டை நீங்களே கழுவி வைக்கிறதையும் விட வேணாம், அது நல்லாத்தான் இருக்கு. இப்படிக்கு, உங்க மனைவி."

கடைசி வரியில் தன் பெயரை எழுதலாமா என்று யோசித்து, பழைய கடிதங்களில் எழுதியபடியே விட்டுவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் நேரம் கொஞ்சம் இறுக்கம். ராத்திரி சந்திர கிரகணம். 9.57-க்குப் பிடிக்கிறது என்று டி.வி.யில் சொல்லியிருந்தார்கள். கோயில் நடை சாயங்காலமே சாத்திவிடுவார்கள் என்பதால் திருமழபாடிக்குக் காலையிலேயே போய் வந்துவிட வேண்டும், வருகிறவர்களுக்கு மத்தியானமே சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்குள் என்று மாமன் மச்சான்கள் எல்லாம் சேர்ந்து திட்டம் போட்டிருந்தார்கள். திருமழபாடியில் பங்குனியில் நந்தி கல்யாணம் நடக்கும். அதைப் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்வார்கள். 2000 பங்குனியில் அதைப் பார்த்த பெண்ணுக்குத்தான் அந்த ஆவணியில் தாலி ஏறியது. அதனால் அந்தக் கோயில்.

கணவர் டீக்கடையிலிருந்து ஆறரைக்கு வந்தார். வழக்கமாக உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அன்றைக்குத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, விரலால் மேலே தள்ளித் தள்ளி, திரும்பவும் கீழே இறக்கி. இவர் அடுப்படியில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டு, வாசலைப் பார்க்காமல் காதை மட்டும் அங்கே வைத்திருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

அதற்குப் பதில் வரவில்லை. வந்திருக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவர் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றுகொண்டு, தன் பக்கத்து நலத்தைச் சொன்னார். 2009 கடைசியில் கம்பெனியில் ஐந்து மாதம் சம்பளம் போடவில்லை. அந்த ஐந்து மாதமும் வீட்டுக்குப் பணம் தவறாமல் வந்ததே, அது அறையில் இருந்த ஆறு பேரிடம் மாற்றி மாற்றி வாங்கியது. கூட இருந்தவர்களில் இரண்டு பேர் நெல்லூர்க்காரர்கள், ஒருவர் நேபாளி. சம்பளம் வந்த பிறகு அந்தக் கடனை அடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2010 லீவில் வெறும் ஒரு பெட்டியோடு வந்து, சாமான் எல்லாம் கார்கோவில் வருகிறது என்று சொன்னார். எந்தக் கார்கோவும் வரவில்லை. இவரும் அதைக் கேட்கவில்லை.

"கார்கோ வரலைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் இவர்.

"வளையல் போச்சுன்னு எனக்கும் தெரியும். எதுக்குன்னுதான் தெரியாது."

இப்படிப்பட்ட வீடுகளில் பொய் சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒருவர் கேட்டிருந்தால் மற்றவர் சொல்லியிருக்க வேண்டி வரும், சொல்லியிருந்தால் அடுத்த விமானம் ஏற முடியாமல் போயிருக்கும்.

வளையல் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த வாரம்தான் பவுன் 80,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அவர்கள் கல்யாணத்தின்போது 4,000-க்குள் விற்றது. நாலு வளையல் என்பது இப்போது ஒரு கொத்தனார் கேலிக்குச் சொல்லக்கூட முடியாத தொகை. ஆபரேஷன் நடந்த தேதியை மட்டும் கேட்டார். 'ஆடி 18 கழிஞ்சு மூணா நாள்' என்றதும், மறுபடி ஒருதரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்தார். திருமழபாடிக்குக் கிளம்ப வேஷ்டி எடுக்கிறார் என்று நினைத்தால், கையில் பழைய பாஸ்போர்ட்டுகள் இரண்டு. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து, வந்த முத்திரையையும் போன முத்திரையையும் ஒவ்வொரு லீவுக்கும் சரிபார்க்க ஆரம்பித்தார். வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. மகன் இரண்டு தடவை கூப்பிட்டான்.

"நீ போட்ட கணக்கு தப்பு" என்றார் கடைசியில். "2016-ல ரெண்டு மாசம் இல்ல. நாப்பது நாள்தான் இருந்தேன். வேலை அவசரம்னு கூப்ட்டுட்டாங்க. அதுல இருபது நாள் கொறையும்."

"அப்ப பத்து வருஷம் என்னிக்கு முடியும்?"

சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் நவம்பர் வரைக்கும் தாளைத் தூக்கிப் பிடித்து விரலால் எண்ணினார். நவம்பர் 7-க்கு மேல் இருபது நாள்.

"இருபத்தேழு. வியாழக்கிழமை."

அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.